429 வந்தால் ஸ்கிரிப்ட் சும்மா இருக்க வேண்டும்

கோத்தகிரியில் தேயிலை இலை நோய்ப் படங்கள் 1,800 சேர்த்திருந்தோம். ஒவ்வொன்றிலும் நோயைக் குறித்துத் தர, ஒரு டாஸ்க் தளத்தில் வேலையாக ஏற்ற வேண்டும். கணக்குத் திறப்பது, பணம் கட்டுவது, கீ வாங்குவது எல்லாம் அரை நாளில் முடிந்தது. அதற்கப்புறம் போன மூன்று நாள்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அந்தத் தளத்தில் ஒரு கீக்கு நிமிடத்துக்கு 60 கோரிக்கைதான். மீறினால் 429 என்று பதில் வரும். படங்களை ஏற்றும் ஸ்கிரிப்டை, 429 வந்தால் உடனே மறுபடி அனுப்பும்படி எழுதியிருந்தேன். மறுக்கப்பட்ட கோரிக்கையும் அங்கே கணக்கில் சேரும் என்பது பிறகுதான் தெரிந்தது. தட்டத் தட்ட வரம்பு நிரம்பியே இருந்தது. கடைசியில் கீயையே ஒரு நாள் முடக்கிவிட்டார்கள். உதவிப் பிரிவுக்கு எழுதினால், "ஆவணத்தைப் பார்க்கவும்" என்று ஒரு வரி பதில்.

மறுநாள் 2, 4, 8 நொடி என்று இரட்டித்துக் காத்திருக்க மாற்றி, மூன்று லேப்டாப்பில் ஓட்டினோம். மழையில் கரண்ட் போனது. திரும்பி வந்து மோடம் லைன் பிடித்ததும் மறுபடி 429 மழை. கூட வேலை செய்யும் தம்பிதான் மூன்று லாக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான்: "அண்ணே, நேரத்தைப் பாருங்க." மூன்றிலும் 11:42:08, அப்புறம் 11:42:10, 11:42:14, 11:42:22. ஒரே நொடியில் கிளம்பிய மூன்றும் ஒரே அளவு காத்திருந்து, சேர்ந்தே போய்க் கதவைத் தட்டியிருக்கின்றன. காத்திருக்கும் நேரம் ஒவ்வொன்றிலும் தற்செயலாகக் கொஞ்சம் மாறும்படி வைத்தால்தான் அவை பிரியும்.

இன்னொன்று, 429 பதிலோடு `Retry-After` என்ற தலைப்பும் வருகிறது. எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று தளமே சொல்லும்போது நாம் ஊகிக்க வேண்டியதில்லை:

```python
w = r.headers.get("Retry-After")
if w:
    delay = int(w) + random.uniform(0, 5)
else:
    delay = random.uniform(0, min(60, 2 ** n))
time.sleep(delay)
```

`n` எத்தனையாவது முயற்சி என்பது. சில தளங்கள் நொடிக்குப் பதில் தேதியும் நேரமும் அனுப்பும். அங்கே `int` உடையும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு முறைக்கு மேல் முயலாமல் நிறுத்திவிடுங்கள்.

இதுவும் அடி வாங்கிய பிறகு செய்கிற வைத்தியம்தான். வரம்பு கீக்குத்தான், மெஷினுக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு லேப்டாப்பும் 4 நொடிக்கு ஒன்று என்று வைத்தோம். மூன்றும் சேர்ந்து நிமிடத்துக்கு 45. அந்த வேகத்தில் 1,800 படத்துக்கும் 40 நிமிடம் போதும். மீதி இருந்த படமெல்லாம் ஏறின, ஒரு 429கூட இல்லை. அந்த லாக்கை நான் இன்னும் அழிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. 429 என்றால் வேலை ஏறவில்லை, மறுபடி அனுப்பலாம். லைன் அறுந்து பதிலே வராவிட்டால் ஏறியிருக்கவும் கூடும். கரண்ட் போன அன்று இதைப் பார்க்காமல் மறுபடி அனுப்பியதில் 14 படம் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் கூலி போனது. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் தனி அடையாள எண் போட்டு, பதில் வராமல் போனால் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்ட பிறகே மறுபடி அனுப்புகிறோம்.