கருத்தரங்குல பார்த்தவருக்கு லிங்க்ட்இன்ல அனுப்புன நாலு வரி

நான் பணகுடி பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடி மெயின்டனன்ஸ்ல இருக்கேன். காத்து சீசன் முடிஞ்சதும் பாளையங்கோட்டையில ஒரு கருத்தரங்கு வச்சாங்க, அங்க டீ குடிக்கையில கியர்பாக்ஸ் ஆயில் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்குற ஒருத்தர்ட்ட பேச்சு குடுத்தேன். மெஷின் நின்னு ஆறிப்போன பிறகு சாம்பிள் எடுத்தா இரும்புத் தூளெல்லாம் அடியில தங்கிரும், ரிப்போர்ட் நல்லாயிருக்குற மாதிரி வரும், நின்ன சூட்டோட எடுங்கன்னு சொன்னாவ. எங்க சைட்டுக்கு ரொம்ப தேவையான விஷயம் அது.

அவுகளச் சுத்தி அன்னைக்கு கூட்டம்தான். ஒரு வாரம் கழிச்சு ரிக்வெஸ்ட் போனா யாருன்னே தெரியாது, அதனால மறுநாள் சாயங்காலமே உக்காந்துட்டேன். மொபைல்ல தேடும்போது பேருக்குப் பக்கத்துல வர்ற கனெக்ட் பட்டனை அமுக்குனா குறிப்பு இல்லாம வெறுங்கையோட போயிரும்னு எங்க அண்ணாச்சி ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தாவ, வாபஸ் வாங்கலாம், ஆனா அதே ஆளுக்கு திரும்ப அனுப்ப மூணு வாரம் வரைக்கும் காத்துக் கிடக்கணும். அதனால ப்ரொஃபைலுக்குள்ள போயி, மூணு புள்ளிய தொட்டு, குறிப்பு சேர்க்குற வழியா போனேன்.

காசு கட்டாத அக்கவுண்ட்ல 200 கேரக்டர்தான், அதுவும் மாசத்துக்கு கொஞ்சம் பேருக்குத்தான் குறிப்பு போட விடும். தமிழ்ல கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணிக்கையில ஏறும், "சொன்னீங்க"ன்னு அடிச்சா கண்ணுக்கு அஞ்சு எழுத்து, கணக்குல ஒம்பது. என் பேரு ப்ரொஃபைல்லயே இருக்கு, கம்பெனி பேரும் அங்கயே தெரியும், அதுக்கு ஏன் இடத்த வீணாக்கணும்னு ரெண்டையும் எடுத்துட்டு பேசுன விஷயத்த மட்டும் வச்சேன்:

"வணக்கம் சார். நேத்து பாளை கருத்தரங்குல டீ டைம்ல பேசினோம். மெஷின் நின்ன சூட்டோட கியர்பாக்ஸ் ஆயில் சாம்பிள் எடுக்கணும்னு சொன்னீங்க. பணகுடி சைட்ல அப்படியே எடுக்கப்போறோம். தொடர்புல இருக்கலாமா?"

"உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி"ன்னு மட்டும் போட்டா அது எல்லார்ட்டருந்தும் வர்றதுதான். அவுக வாயால சொன்ன ஒரு விஷயம் உள்ள இருந்தாத்தான் டீ கிளாஸோட நின்ன ஆளு இவன்தான்னு ஞாபகம் வரும். வேலை வேணும், ரேட் என்னன்னு எதையும் இதுல கேக்கல, முத எட்டுலயே கேட்டா யாருக்கும் பிடிக்காது. அனுப்புன பிறகு திருத்த முடியாதுங்கிறதால நோட்பேட்ல அடிச்சு, அது அவுக ப்ரொஃபைல்தானான்னு ஒருதடவ பார்த்துட்டுத்தான் ஒட்டுனேன்.

மறுநாளே ஏத்துக்கிட்டு அவுகளே ஒரு கேள்வி போட்டாவ: "சாம்பிள் ஃபில்டருக்கு முன்னால எடுக்கீங்களா, பின்னாலயா?" பின்னால எடுத்தா தூளெல்லாம் ஃபில்டர்லயே நின்னுரும்லா, சூட்டோட எடுத்தும் பிரயோஜனமில்ல. எங்க மெஷின்ல வால்வு இருக்குற இடத்த போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன், இப்ப அதப் பத்தித்தான் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு.