இரண்டு பதினெட்டும் எங்கள் மலைத்தொகுதியும்

குன்னூரில் வீட்டிலிருந்தபடியே குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் படித்தேன். விருப்பப் பாடம் அரசியல் அறிவியல். மாநிலக் கட்சிகள் ஏன் வளர்கின்றன, மத்தியக் கூட்டணியோடு எப்படிப் பேரம் பேசுகின்றன என்ற கேள்விக்கு நான் முதலில் எழுதிய பயிற்சி விடை மொழி, சாதி, வட்டார உணர்வு, காங்கிரஸின் சரிவு என்று காரணங்களை அடுக்கியிருந்தது. 15க்கு 4 கிடைத்தது. திருத்தித் தந்த அக்கா எங்கள் தெருக்காரர், கல்லூரியில் இதே பாடம் நடத்துபவர். "நம்ம நீலகிரியில 1998லயும் 1999லயும் மாஸ்டர் மாதன் எப்படி ஜெயிச்சார்னு யோசிச்சியா?" என்று கேட்டார்.

யோசித்ததும் விஷயம் புரிந்தது. மாஸ்டர் மாதன் பாஜக வேட்பாளர். 1998இல் அதிமுக கூட்டணியில் நின்று வென்றார். 1999இல் திமுக கூட்டணியில் நின்று வென்றார். 2004இல் திமுக காங்கிரஸ் பக்கம் போனதும் தொகுதி காங்கிரஸின் ஆர். பிரபுவுக்கு வந்தது. தேசியக் கட்சியின் சின்னம்தான் ஜெயிக்கிறது, ஆனால் வாக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது மாநிலக் கட்சி.

அந்த வாக்கு ஏன் மாநிலக் கட்சியிடம் தங்குகிறது? உணர்வு ஒரு பாதி என்றால் தேர்தல் முறை மறுபாதி. தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறையில், நாடெங்கும் மெல்லியதாகப் பரவிய வாக்கு வீணாகும். ஓரிடத்தில் குவிந்த வாக்கு இடங்களாக மாறும். இதற்கு நான் எடுத்துக்கொண்ட சான்று 1993 கனடா தேர்தல். கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிட்ட பிளாக் கியூபெக்வா நாடளவில் சுமார் 13.5 சதவீத வாக்கில் 54 இடம் பிடித்தது. முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி சுமார் 16 சதவீதம் வாங்கியும் 2 இடத்தோடு நின்றது. இதனோடு காவல்துறை, நிலம், விவசாயம் போன்றவை மாநில அரசின் கையில் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். தில்லியில் ஆட்சி இல்லாவிட்டாலும் கோட்டையில் ஆட்சி இருந்தால் கட்சி பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது பேரம். நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். இடங்களின் எண்ணிக்கையே பலம் என்று நினைத்திருந்தேன். அது தவறு என்று காட்டியவை இரண்டு பதினெட்டுகள்.

1998இல் அதிமுகவிடம் 18 எம்.பி.க்கள். 1999 ஏப்ரலில் அது வாஜ்பாய் அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது. திமுக வாஜ்பாய்க்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் அதனிடம் இருந்தவை ஒற்றை இலக்க இடங்கள், இழப்பு ஈடாகவில்லை. 269க்கு 270 என ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. 2013 மார்ச்சில் திமுக, இலங்கைத் தமிழர் பிரச்சினையில், மன்மோகன் சிங் அரசிலிருந்து வெளியேறியது. அதனிடமும் 18 எம்.பி.க்கள்தான். அரசு அசையவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்கொருவர் எதிரிகளான சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தன.

ஆக, ஒரு கட்சி விலகினால் அரசு விழுமா, அதன் இடத்துக்கு வேறு யாராவது தயாராக நிற்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உள்ளூர்ப் போட்டியாளரே மாற்றாக நிற்கும்போது பேரம் பேசுபவரின் கை தளர்கிறது. அரசைக் கவிழ்த்த அதிமுகவுக்கும் லாபம் இல்லை. 1999 தேர்தலில் அது 10 இடத்துக்கு இறங்கியது. 12 இடம் பெற்ற திமுக மத்திய அமைச்சரவைக்குள் போனது.

சரி, கேட்டதைக் கொடுத்திருந்தால் அரசு பிழைத்திருக்குமா? அதிமுகவின் முக்கியக் கோரிக்கை, மாநிலத்தில் திமுக ஆட்சியைக் கலைப்பது. ஆட்சிக் கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்ற 1994 பொம்மை வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356ஆவது பிரிவைக் கையிலெடுப்பது கடினம். 1999 பிப்ரவரியில் பீகார் ஆட்சியைக் கலைத்த வாஜ்பாய் அரசு, மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாததால் மார்ச்சிலேயே பின்வாங்கியிருந்தது. அமைச்சர் பதவி பிரதமர் மனது வைத்தால் கிடைக்கும். ஆட்சிக் கலைப்புக்கு இரு அவைகளின் ஒப்புதலும் வேண்டும், நீதிமன்றத்திலும் நிற்க வேண்டும். விடைத்தாளில் பலரும் விட்டுவிடும் இடம் இதுதான் என்று அக்கா சொன்னார்.

பேரம் ஒரே மேசையில் நடப்பதில்லை என்பதையும் எழுதுங்கள். 2006இல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் திமுகவுக்கு 96 இடம். காங்கிரஸின் 34 பேர் வெளியிலிருந்து ஆதரித்தார்கள். தில்லியில் காங்கிரஸுக்குத் திமுக தேவை, சென்னையில் திமுகவுக்குக் காங்கிரஸ் தேவை. 2011இல் கோட்டையை இழந்த பிறகுதான் திமுக தில்லியில் விலகியது என்ற வரிசையைக் கவனியுங்கள்.

250 சொல் விடையில் வளர்ச்சிக் காரணங்களுக்கு 80 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி முழுவதும் இந்த இரண்டு பதினெட்டுக்கும் 2006 கணக்குக்கும் போகட்டும். நான் அப்படித் திருப்பி எழுதிய தாளில் அக்கா 9 போட்டார். கனடாவை இன்னும் சுருக்கு என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.