ஆய்வேட்டில் மேற்கோள்: எவ்வளவு எடுக்கலாம், எங்கே அனுமதி வாங்க வேண்டும்?

முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுபவர்களிடம் பரவியிருக்கும் ஒரு நம்பிக்கை, பத்து விழுக்காடு வரை எடுத்தால் சிக்கலில்லை என்பது. அந்தப் பத்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலிருந்து வருகிறது. அது கருத்துத் திருட்டைப் பற்றியது, பதிப்புரிமையைப் பற்றியது அல்ல. மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்றுதான் அது சொல்கிறது. மூலத்தைச் சுட்டி மேற்கோள் குறிக்குள் போட்ட பகுதிகளை அந்தக் கணக்கே சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே ஒப்புமை அறிக்கை சுத்தமாக வந்த ஆய்வேட்டிலும் பதிப்புரிமை மீறல் இருக்கலாம். பின்னிணைப்பில் ஒரு தொகுப்பையே மேற்கோளாகப் போட்டு, அடியில் நூற்பெயரும் எழுதினால் அதுதான் நடக்கும்.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எந்த விழுக்காட்டையும் சொல்லவில்லை. 52(1)(அ) பிரிவு நியாயமான கையாளுகை என்ற ஒரு விலக்கைத் தருகிறது. தனிப்பட்ட பயன், ஆராய்ச்சி, விமர்சனம், மதிப்புரை ஆகியவை அதில் வரும். இதில் ஆராய்ச்சி என்ற சொல்லை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. அது தனிப்பட்ட பயன் என்ற வரம்புக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஆய்வேடோ ஷோத்கங்கா தளத்தில் ஏறி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் ஆவணமாகிறது. எனவே மேற்கோளைக் காப்பாற்றப்போவது விமர்சனம் என்ற காரணமே. எடுத்த வரியைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அளவு பற்றி நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு, ஒரு நாடகத்தை எதிர்த்து எழுதப்பட்ட மறுநாடகம் பற்றி 1996இல் கேரள உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு நல்ல வழிகாட்டி. எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும், எதற்காக எடுத்தார்கள், மூலத்துக்கு அது போட்டியாகுமா என்று மூன்றையும் சேர்த்தே எடைபோட்டார்கள்.

எண் ஏதாவது வேண்டுமென்றால், ஆங்கிலப் பதிப்புலகில் நெடுநாளாகப் புழங்கிய ஒரு கணக்கு இருக்கிறது. விமர்சனத்துக்காக உரைநடையில் ஒரே துண்டாக 400 சொல். அல்லது ஒவ்வொன்றும் 300க்கு மிகாமல் பல துண்டுகளாக மொத்தம் 800 சொல். கவிதையில் 40 அடி, ஆனால் அந்தக் கவிதையின் கால் பங்குக்குள். இது சட்டமல்ல, வழக்கம். நாவல், கட்டுரை என்றால் கைக்கு உதவும். தமிழ்த் துறை ஆய்வேட்டில் குறுங்கவிதைக்குப் பொருத்தினால் உடனே உடைந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, வாழும் கவிஞர் ஒருவரின் ஹைக்கூ தொகுப்பில் 100 கவிதைகள், ஒவ்வொன்றும் மூன்று அடி. கால் பங்கு என்றால் ஓர் அடிகூடத் தேறாது. ஓர் அடியை வைத்து ஹைக்கூவை எப்படி ஆராய்வது? முழுக் கவிதையைப் போட்டே ஆக வேண்டும். அப்படிப் போடுவதற்கான நியாயம் அதற்கடுத்து வரும் பத்தியில் இருக்கிறது. படிமம் எங்கே திரும்புகிறது, மூன்றாம் அடி என்ன செய்கிறது என்று நீங்களே எழுதியிருந்தால் அந்தக் கவிதை உங்கள் வாதத்தின் சான்று. இப்படி 15, 20 கவிதைகளை ஆராய்ந்தால் தாராளமாக வாதாடலாம்.

சறுக்குவது வகைப்பாட்டு இயலில். ‘இயற்கை’ என்று ஒரு தலைப்பு, கீழே எட்டுக் கவிதைகள். ‘வறுமை’ என்று ஒரு தலைப்பு, கீழே பத்து. இடையில் "மேற்கண்ட கவிதைகளில் வறுமை சித்திரிக்கப்படுகிறது" என்று ஒரே வரி. நான்கு இயல் முடிவதற்குள் 70 கவிதை உள்ளே வந்திருக்கும். இனி வாசகர் தொகுப்பை வாங்கத் தேவையில்லை. மூலத்துக்குப் போட்டி என்பது இதுதான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மேற்கோள்களையெல்லாம் நீக்கிவிட்டு ஒரு இயலைப் படியுங்கள். உங்கள் வாதம் நொண்டியபடியாவது நடந்தால் சரி. தலைப்புகளும் ‘மேற்கண்ட’க்களும் மட்டுமே எஞ்சினால் பாதியை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் தொகுப்பின் பக்க எண்ணைக் கொடுத்தால் போதும்.

அனுமதி கட்டாயம் என்று நாங்கள் கருதுவது பெரும்பாலும் பின்னிணைப்பில்தான் வரும். முழுக் கவிதைகள், முழுச் சிறுகதை, முழுப் பாடல் வரிகள், ஒளிப்படம், ஓவியம் ஆகியவை. படம் ஒன்றே ஒரு முழுப் படைப்பு. அதில் சிறு பகுதி என்ற பேச்சுக்கு இடமில்லை. கல்வியியல், உளவியல் துறையினர் பிறர் உருவாக்கிய வினாப்பட்டியலை அப்படியே சேர்க்கிறார்கள், அதற்கும் அனுமதி வேண்டும். அட்டவணையில் உள்ள எண்கள் யாருக்கும் சொந்தமல்ல. மூலத்தைச் சொல்லிவிட்டு நீங்களே புதிதாக அமைத்துக்கொள்ளலாம். உங்கள் சொந்தக் கட்டுரையாக இருந்தாலும், இதழுக்கு உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், ஆய்வேட்டில் சேர்க்க அந்த ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பாருங்கள். பெரிய பதிப்பகங்கள் பல இதை அனுமதிக்கின்றன.

கேட்பதற்கு முன் உரிமை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி முதல் 60 ஆண்டு என்பது கணக்கு. புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். 2008 இறுதியோடு முடிந்தது. கண்ணதாசன் 1981இல் இறந்தார். 2041 இறுதி வரை இருக்கிறது. சங்கப் பாடலுக்கு உரிமை கிடையாது, ஆனால் அதற்கு அண்மையில் எழுதப்பட்ட உரைக்கு உண்டு. பழைய கதையின் செம்பதிப்பிலும் பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை.

யாரிடம் கேட்பது என்பதற்கு உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று இருந்தால் பதிப்பகத்தின் கடிதம் செல்லாது. பல கவிஞர்களின் தொகைநூல் என்றால் தொகுப்பாசிரியர் தரும் அனுமதியும் பெரும்பாலும் போதாது. ஒவ்வொரு கவிஞரையும் கேட்க வேண்டும். திரைப்பாடலில் உரிமை தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ போயிருக்கலாம்.

கடிதத்தில் நூற்பெயர், பதிப்பு ஆண்டு, பக்கம், ஒவ்வொரு பகுதியின் முதல் அடியும் கடைசி அடியும், ஆய்வுத் தலைப்பு எல்லாம் இருக்கட்டும். ஷோத்கங்காவில் இணைய வடிவில் வைக்கப்படும் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். அச்சுப்படிக்கு மட்டும் வாங்கிய அனுமதி இணையத்துக்கு நீளாது. பின்னாளில் நூலாக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே தனி வரியில் கேளுங்கள். விலைக்கு விற்கும் நூல் என்றதும் நியாயமான கையாளுகை என்ற வாதம் மெலிந்துவிடும். வாய்மொழியாக "போட்டுக்கோங்க தம்பி" என்றவரிடமும் ஒரு மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சமர்ப்பிக்க மூன்று மாதம் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது. அந்நிலையில் பின்னிணைப்பில் கவிதைகளை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் தலைப்பு, முதல் அடி, நூலின் பக்க எண் என ஒரு பட்டியல் வையுங்கள். தேர்வாளருக்கு மூலம் வேண்டுமென்றால் வாய்மொழித் தேர்வன்று நூலையே மேசையில் வைத்துவிடலாம்.