கையெழுத்துப் போட்டவருக்கு யூ.டி. இல்லை

உலோகத்தை உடைக்காமல் அதில் உள்ள குறையைத் தேடும் வேலைக்கான என் மூன்று சான்றிதழ்களையும் கல்லடி வீட்டு மேசையில் பரப்பி வைத்தபோது எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தன. சாயம் பூசி வெடிப்புப் பார்க்கும் பி.டி., காந்தத் துகள் போடும் எம்.டி., ஒலியலை அனுப்பி உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் எனும் யூ.டி. மூன்றிலும் நான் லெவல் டூ. மூன்றிலும் அதற்கு மேல்படியான லெவல் த்ரீ ஒருவரின் ஒரே கையெழுத்து. கத்தாரில் முன்பு வேலை செய்த கொம்பனி தந்தவை. ஸ்கேன் பண்ணிப் புதுக் கொம்பனிக்கு அனுப்பினேன்.

இரண்டு நாளில் அங்கிருந்த லெவல் த்ரீ போன் எடுத்தார். "தம்பி, இதெல்லாம் பழைய கொம்பனியோடு முடிஞ்சுது. யூ.டி.யில வேற பிரச்சினையும் இருக்கு."

முதலாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற, இந்தத் தொழிலுக்கான அமெரிக்க வழிகாட்டியின் முறையில் சான்றளிப்பது வேலை தருபவர்தான். லெவல் த்ரீ பரீட்சை வைப்பார், திருத்துவார், சான்றிதழ் கொம்பனியுடையது. வேலையை விட்டால் அதுவும் செல்லாது.

இரண்டாவதுதான் அடி. கையெழுத்துப் போட்டவர் பி.டி., எம்.டி., ரேடியோகிராபி மூன்றில்தான் லெவல் த்ரீ. லெவல் த்ரீ என்றால் எல்லாவற்றுக்கும் பெரியவர் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி. தனக்குச் சான்று இல்லாத முறையில் அவர் யாரையும் பரீட்சித்துத் தேறியவராக்க முடியாது. என் யூ.டி. தாளுக்கு அன்றே பெறுமதி இல்லை.

பயிற்சியும் அனுபவமும் வீணாகவில்லை, அத்தாட்சி கையில் இருந்ததால். யூ.டி.க்கு லெவல் வன்னுக்கு 40 மணித்தியாலம், லெவல் டூவுக்கு மேலும் 40 மணித்தியாலம் வகுப்பு. பி.டி.க்கு இரண்டும் சேர்த்தே 12தான். லெவல் டூவுக்கு யூ.டி. வேலையில் மட்டும் 630 மணித்தியால அனுபவமும் வேண்டும். மேற்பார்வையாளர் ஒப்பமிட்ட லொக் தாள்களை எறியாமல் வைத்திருந்தது அம்மாவின் புண்ணியம்; பழைய பிஸ்கட் டின்னில் கிடந்தன.

ஆகவே பரீட்சை மட்டும் போதும் என்றார்கள். பொதுத் தாளில் 82. செய்முறையில் 60 பாகை ப்ரோபை வைத்து வெல்டிங்கின் பக்கச்சுவரில் உருகாமல் விட்ட இடத்தைப் பிடித்தேன், 85. கொம்பனியின் சொந்த நடைமுறை, ஏற்பு எல்லைகள் பற்றிய குறிப்பிட்ட தாளில் 70. ஒன்றிலும் 70க்குக் குறையவில்லை, பாஸ் என்றுதான் நினைத்தேன். ஆனால் கூட்டினால் 237, சராசரி 79. சராசரி 80 வேண்டும். ஒரே ஒரு புள்ளி!

திரும்ப எழுத 30 நாள் பொறுக்க வேண்டும், அல்லது லெவல் த்ரீ சொல்லும் மேலதிகப் பயிற்சி எடுக்க வேண்டும். நான் பொறுத்தேன். அந்த மாதம் முழுக்க நடைமுறைப் புத்தகம்தான். இரண்டாம் முறை தேறினேன்.

போன மாதம் ஆரையம்பதியில் இருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். யூ.டி. வகுப்பில் சேர்ந்துவிட்டானாம். "உங்கட லெவல் த்ரீக்கு எந்தெந்த மெதட்?" என்றேன். "அதெல்லாம் கேக்கலாமா சித்தப்பா?" என்றான். சான்றிதழ் கொப்பியையே கேட்டு வாங்கி, யூ.டி. என்ற வரி இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை.