நோட்டீஸ் போர்டில் ஒட்டாத பட்டியல்

"ஏமாந்தவங்க பேரையெல்லாம் லிஸ்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டிடு தம்பி. அடுத்த தடவை தானா பயம் வரும்" என்றார் எங்கள் முதலாளி. போலி மெயில் சோதனை நடத்த அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

குன்னூரில் பெட்போர்டு பக்கம் எங்கள் அலுவலகம். தேயிலைத் தூளும் தைலமும் பாக்கெட் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். மெயில் முகவரி இருப்பது 26 பேருக்கு. கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி, மழைக்கு முன்பே போய்விடும் இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். தெரிந்த ஒரு கம்பெனியில் யாரோ போலி மெயிலை நம்பிப் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பிவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து முதலாளிக்குத் தூக்கமில்லை.

'போர்டு விஷயத்தை முடிவு வந்ததும் பேசலாம் சார்' என்று தள்ளிப்போட்டேன். எந்த மெயிலை அனுப்புவது என்பதுதான் முதல் சண்டை. "தீபாவளி போனஸ்னு போடு, எல்லாரும் விழுந்துருவாங்க" என்றார் மேனேஜர். விழுவார்கள்தான். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் கோடாடி நிறுவனம் 650 டாலர் போனஸ் என்று ஊழியர்களுக்குச் சோதனை மெயில் அனுப்பி, ஊர் முழுக்கத் திட்டு வாங்கி, மன்னிப்புக் கேட்டது. போனஸ், சம்பளம், வேலை நீக்கம், உடம்பு சரியில்லாத சேதி, இவற்றை வைத்து விளையாடினால் மெயிலில் மாட்டியவருக்கு மட்டுமல்ல, மாட்டாதவருக்கும் கோபம் வரும். மலைக்கு வர வாங்கும் இ-பாஸ் பெயரில் அனுப்பலாமே என்று இன்னொரு யோசனை வந்தது. அரசாங்கப் பெயரிலோ வங்கிப் பெயரிலோ போலி மெயில் அனுப்பினால் பிறகு அவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியில், இல்லாத ஒரு கூரியர் பெயரில் 'உங்கள் பார்சல் திரும்பி வந்துவிட்டது, முகவரியைச் சரிபார்க்க உங்கள் அலுவலக மெயில் கணக்கில் நுழையவும்' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் திருடன் அனுப்பினாலும் அதைத்தான் அனுப்புவான்.

'இந்த சீசனில் எப்போதாவது சோதனை மெயில் வரும், யார் பெயரும் வெளியே போகாது' என்று ஒரு சுற்றறிக்கையும் விட்டேன். அதை யாரும் படிக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

கருவி, கோஃபிஷ். இலவசம். அதில் போலிப் பக்கம் தயார் செய்யும் இடத்தில் `Capture Passwords` என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்யாமல் விட்டால், கடவுச்சொல் பெட்டியின் பெயரைக் கருவியே நீக்கிவிடும். பெயரில்லாத பெட்டியில் யார் என்ன தட்டினாலும் உலாவி அதை அனுப்பாது. 'ஒருவர் ஏதோ நிரப்பி அனுப்பினார்' என்ற செய்தி மட்டும் எனக்கு வரும். அது போதும். இருபது பேருடைய கடவுச்சொல் என் கையில் இருந்தால் ராத்திரி தூங்க முடியாதவன் நானாகிவிடுவேன்.

பர்லியார் பக்கம் மண் சரிந்து, லாரிகளெல்லாம் கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலை, 11.10-க்கு அனுப்பினேன்.

நாலே விநாடியில் திரையில் கிளிக் கொட்ட ஆரம்பித்தது. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. எங்கள் ஆட்கள் ஒரு மெயிலை இவ்வளவு வேகமாகத் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. முதலில் கிளிக் செய்தவர் யார் என்று பார்த்தால், போன வருஷமே வேலையை விட்டுப் போன சேல்ஸ் தம்பி. அவருடைய பெட்டியை மூடாமல் வைத்திருக்கிறோம், யாரும் திறப்பதில்லை. சரி, ஐபி முகவரியைப் பார்த்தேன். பன்னிரண்டும் ஏதோ ஒரு வெளிநாட்டு டேட்டா சென்டரிலிருந்து. எங்கள் மெயிலுக்கு முன்னால் ஒரு வடிகட்டும் சேவை உட்கார்ந்திருக்கிறது. வரும் லிங்குகளில் பலவற்றைத் தானே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். அந்த மெஷின்தான் பன்னிரண்டு பேர் வேஷத்தில் வந்திருக்கிறது. 'மெயிலைத் திறந்தார்' என்ற கணக்கும் இதே கதைதான். மெயிலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத படத்தை யார் கொண்டுவரச் சொன்னார்கள் என்பதை வைத்து வரும் கணக்கு அது. படத்தை ஜிமெயில் தன் சர்வர் வழியாகத்தான் கொண்டுவரும், சிலருடைய போனில் படமே வராது. அந்த எண்ணை நான் எழுதிக்கூட வைக்கவில்லை.

பன்னிரண்டைக் கழித்தால் உண்மையான கிளிக் ஏழு. கடவுச்சொல் தட்டியவர் மூன்று. முதல் ஆள் தட்டியது 11.14-க்கு.

11.16-க்கு பேக்கிங் ஹாலிலிருந்து ஒரு குரல். "யாரும் அந்தப் பார்சல் மெயிலைத் தொடாதீங்க! கம்பெனி பேரே கேள்விப்படாத பேரா இருக்கு!" மேற்பார்வை அக்கா. ஏலக்கூடத்தில் விலை கூவுபவர் தோற்றுவிடுவார், அப்படியொரு தொண்டை. அந்தச் சத்தத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் ஒரு கிளிக் கூட விழவில்லை. கோஃபிஷ் திரையிலோ 'புகார் செய்தவர்கள்: 0' என்றே நின்றது. மெயிலில் வரும் புகாரைத்தான் அதற்கு எண்ணத் தெரியும். என் நோட்டில் நான் எழுதியது: முதல் எச்சரிக்கை, ஆறு நிமிஷம். அன்றைய சோதனையில் எனக்கு உபயோகமான எண் அதுதான். 26 பேரில் யாராவது ஒருவர் என்றைக்காவது கிளிக் செய்யத்தான் செய்வார். அடுத்தவர் எத்தனை நிமிஷத்தில் கத்துகிறார் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

ஒருவர் கிளிக்கும் செய்யவில்லை, புகாரும் செய்யவில்லை. போலி மெயிலுக்குப் பதில் எழுதியிருந்தார். "ஐயா, எங்கள் பின்கோடு 643101. நீங்கள் போட்டிருக்கும் 643001 ஊட்டி. அதனால்தான் பார்சல் திரும்பியிருக்கும். தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்." திருடனுக்கே பின்கோடு திருத்தம். பதில் வரும் பெட்டியையும் கவனிக்காவிட்டால் இப்படிப்பட்ட ஆள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

மத்தியானம் 12 மணிக்கு மேல், எல்லாம் அடங்கிய பிறகு, இன்னும் ஒரு வரி சிவப்பானது. கிளிக் செய்தார், கடவுச்சொல்லும் தட்டினார். பெயர்: முதலாளி.

அவரோ காலையிலிருந்து வங்கியில் இருந்தார். விசாரித்ததில் விஷயம் புரிந்தது. எந்த மெயில் வந்தாலும் படிக்காமல் 'பார்க்கவும்' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து யாருக்காவது தள்ளிவிடுவது அவர் வழக்கம். இதை டிஸ்பாட்ச் தம்பிக்குத் தள்ளியிருக்கிறார். அந்தத் தம்பி வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்ததால் அக்காவின் குரலைக் கேட்கவில்லை. முதலாளியே பார்க்கச் சொல்லிவிட்டாரே என்று பயபக்தியோடு உள்ளே போய்க் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். லிங்கின் கடைசியில் `?rid=` என்று ஆளுக்கு ஒரு அடையாளம் ஒட்டியிருக்கும். மெயிலை யாருக்குத் தள்ளினாலும் அது கூடவே போகும். யார் விரல் பட்டாலும் பழி முதலில் வாங்கியவருக்குத்தான். தம்பிக்கு நேராகப் போன மெயிலை அவர் தொடவே இல்லை என்பதால் அவர் வரி சுத்தமாக இருந்தது.

இதை முதலாளியிடம் தனியாகக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுப் பார்த்தார். பெயர் மாறவில்லை. "சரி, போர்டெல்லாம் வேண்டாம் விடு" என்றார்.

நாலு மணி டீக்கு எல்லாரையும் உட்கார வைத்தேன். வர்க்கி அவர் செலவு. 'காலையில் வந்தது நம் சோதனை. கடவுச்சொல் எங்கும் பதிவாகவில்லை. யார் என்ன செய்தார் என்று சொல்லப்போவதில்லை' என்று முதலில் சொல்லிவிட்டு மெயிலைச் சுவரில் போட்டுக் காட்டினேன். "ஏன் ஏமாந்தீங்க?" என்று கேட்கவில்லை. "இதுல எது நம்புற மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் ஏமாறாதவர்களும் பேசுவார்கள். நிஜமாகவே பார்சல்கள் சரிவால் மாட்டியிருந்தன, அன்று காலை மூன்று வாடிக்கையாளர்கள் போன் செய்திருந்தார்கள் என்றார்கள். இன்னொருவர் சொன்னது எனக்கே முக்கியமாகப் பட்டது. போனில் மெயில் பார்த்தால் அனுப்பியவர் பெயர்தான் தெரிகிறது, முகவரி தெரிவதில்லை. எங்களில் பாதிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். பெயரைத் தொட்டால் முகவரி விரியும், லிங்கை அழுத்திப் பிடித்தால் போகும் இடம் தெரியும் என்று அங்கேயே ஆளுக்கு ஒருமுறை செய்து பார்த்தோம். உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொல் ஒரு பக்கத்தில் தானாக வந்து நிரம்பவில்லை என்றால், கையால் தட்டாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொன்னேன். கூரியர் புகாரெல்லாம் இனி டிஸ்பாட்ச் வாட்ஸாப் குழுவில்தான், மெயிலில் வந்தால் அது நம்முடையது இல்லை என்று மேனேஜர் முடிவு சொன்னார். முதலாளி தானாகவே எழுந்து, "நான் படிக்காம யாருக்கும் தள்ள மாட்டேன்" என்றார். அது வெள்ளிக்கிழமை வரை நடந்தது.

டிஸ்பாட்ச் தம்பியிடமும் கடவுச்சொல் தட்டிய மற்ற மூவரிடமும் தனித்தனியாக, நின்றபடியே இரண்டு நிமிஷம் பேசினேன். அதோடு சரி.

மறுநாள் காலை கணக்கு அக்கா என் மேஜைக்கு வந்தார். எங்கள் அலுவலகத்திலேயே ஜாக்கிரதையான ஆள். பட்டியலில் அவர் பெயரே இல்லை. "தம்பி, நேத்து வந்ததை நான் தொடலை. ஆனா போன மாசம் ஒண்ணு வந்துச்சு. கொட்டேஷன் பார்க்கணும்னா லாகின் பண்ணுன்னு கேட்டுச்சு. பண்ணினேன். வெள்ளையா ஒரு பக்கம் வந்துச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா."

அவர் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இல்லை. ஜிமெயில் அமைப்பில் ஃபில்டர் பகுதியைத் திறந்ததும் கிடைத்தது. 'bank', 'invoice' என்ற சொற்கள் உள்ள மெயில் வந்தால் இன்பாக்ஸில் காட்டாதே, படித்ததாகக் குறி, தெரியாத ஒரு முகவரிக்கு ஒரு நகல் அனுப்பு. ஒரு மாதமாக எவனோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். படம் எடுத்து வைத்துக்கொண்டு ஃபில்டரையும் அந்த முகவரியையும் அழித்தேன். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் கவனிக்க: ஃபில்டர் அதனால் அழியாது, அது பாட்டுக்கு நகல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு புதுக் கடவுச்சொல், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றம், அனுமதி வாங்கியிருந்த வெளி ஆப்களை நீக்கல், இரட்டைச் சரிபார்ப்பு.

மிச்சம் இருந்தது வாடிக்கையாளர்கள். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை, மாறியதாக மெயில் வந்தால் நம்பாதீர்கள்' என்று ஒவ்வொருவருக்கும் போனில்தான் சொன்னோம். யாராவது பணம் கட்டியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்கச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையில் வைத்திருந்தேன். எல்லாரும் "ஒண்ணும் வரலையே" என்றார்கள், திருச்சி மொத்த வியாபாரி ஒருவரைத் தவிர.

"வந்துச்சே தம்பி, நாலு நாள் ஆச்சு. புது அக்கவுண்ட் நம்பரோட. நான் பணம் போடலை."

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றேன். முகவரியைப் பார்த்தேன், லிங்கை அழுத்திப் பிடித்தேன் என்று சொல்லுவார் என எதிர்பார்த்து நோட்டைக்கூடத் திறந்துவிட்டேன்.

"'ஐயா வணக்கம், நலமா, வீட்டில் அனைவரும் சுகமா'ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. உங்க கணக்கு அக்கா பதினஞ்சு வருஷமா எனக்கு மெயில் போடுறாங்க. பாக்கி எங்கேன்னுதான்பா கேட்டிருக்காங்க."