மடிப்புக்கு மேலே ஒரு வரி

டிசம்பர் 15, திங்கள்

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தை நண்பர் எடுத்த படம் வந்துவிட்டது. 22ஆம் தேதி, 1964இல் அந்த ஊரை அழித்த புயலின் நினைவு நாள், அன்று இன்ஸ்டாகிராமில் போட வேண்டும். அவர் எழுதி அனுப்பிய குறிப்பு, "1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் இலங்கைக்குப் போகும் பயணிகளால் களைகட்டிய துறைமுக நகரமான தனுஷ்கோடி" என்று தொடங்குகிறது. தகவல் சரிதான். ஆனால் திரையில் முதலில் தெரிவது சுமார் 125 எழுத்துக்குறிகள் மட்டுமே, மீதி மடிந்து 'more' என்பதற்குப் பின்னால் போய்விடும். புயலில் ஒரு ரயில் அடித்துச் செல்லப்பட்டது அவர் குறிப்பில் நாலாவது வாக்கியத்தில்தான் வருகிறது. அதுவரை யார் விரலை நிறுத்துவார்கள்?

டிசம்பர் 17, புதன்

முதல் வரி எழுதினேன்: "இந்த ஊருக்கு 1964 டிசம்பர் 22 இரவு வரவேண்டிய ரயில் வந்து சேரவே இல்லை." படத்தில் இடிபாடு இருக்கிறது, ரயில் இல்லை. படத்தில் இல்லாததைச் சொன்னால்தான் கதை நகரும். பாழடைந்த தேவாலயம் என்று தொடங்கினால் கண் பார்த்ததையே வாயும் சொல்வதாகிவிடும். "அதிர்ச்சி! முழுவதும் படியுங்கள்" என்பதெல்லாம் இறந்தவர்களை வைத்து ஆள் பிடிப்பது. அது எனக்குப் பிடிக்காது.

தமிழுக்கென்று ஒரு கணக்கும் உண்டு. 'தனுஷ்கோடி' நமக்கு ஐந்து எழுத்து. கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் கணினிக்கு அது ஒன்பது. மொத்த வரம்பு 2,200 குறி என்றால் தமிழில் 250 சொல்லுக்குள் அடங்கிவிடும். ஹேஷ்டேகும் அதிலேயே சேரும்.

டிசம்பர் 19, வெள்ளி

அப்பாவின் போனில் எழுத்துப் பெரிதாக வைத்திருக்கிறார். அதில் பார்த்தால், கணக்குப் பெயரும் முன்னால் ஒட்டிக்கொள்வதால், வரி "வரவேண்டிய ரயில்" என்ற இடத்தோடு நின்றது. வினை கடைசியில் வருகிற மொழி நம்முடையது. வெட்டு விழுந்தால் முதலில் போவதே அதுதான். தேதியைக் கீழே தள்ளிவிட்டுச் சுருக்கினேன்: "அன்று இரவு கிளம்பிய ரயில் தனுஷ்கோடி போய்ச் சேரவில்லை." இப்போது 53 குறி, அப்பாவின் போனிலும் முழுசாகத் தெரிகிறது.

டிசம்பர் 20, சனி

'more' தொட்டதும் வரும் வரி முதல் வரியைத் திருப்பிச் சொல்லக்கூடாது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் நேரே இப்படிப் போனேன்:

"1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி விளக்கு எரியவில்லை என்பார்கள். பின் எழுந்த அலையில் ரயிலே போய்விட்டது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்."

அதன்பின் ஒரு வெற்று வரி விட்டு, 1914, பாலம், தலைமன்னார் கப்பல் எல்லாம். நண்பர் எழுதியது எதுவும் வீணாகவில்லை, இடம்தான் மாறியது. கடைசிப் பத்தி படத்துக்குத் திரும்புகிறது: தேவாலயச் சுவரில் தெரிவது பவளப்பாறைக் கல். படித்து முடித்தவர் மேலே போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும், கல்லில் துளைகள் தெரியும்.

நண்பருக்கு அனுப்பிவிட்டேன். "சரி, போட்டுடலாம்" என்றார்.