உரைமருந்தில் குழைத்த தேன்

குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகச் செல்கிறேன். கைக்குழந்தைக்குத் தேன் கொடுத்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே சொல்வார்கள். உரைமருந்தை எதில் குழைக்கிறீர்கள் என்று கேட்டால்தான் தேன் பாட்டில் வெளியே வரும்.

ஒரு வீட்டில் நான்கு மாதக் குழந்தைக்கு வசம்பையும் ஜாதிக்காயையும் உரைத்து, முந்தைய நாள்தான் தேனில் குழைத்து நாக்கில் தடவியிருந்தார்கள். "கலப்படமே இல்லாத தேன் நர்சம்மா, வேணும்னா காய்ச்சிக் கொடுக்கிறேன்" என்றார் பாட்டி. கலப்படம் இங்கே பிரச்சினையே அல்ல. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் நல்ல தேனிலும் கலந்திருக்கக்கூடும். பார்த்தோ முகர்ந்தோ அறிய முடியாது, அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. நம் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையாததால், வித்து அங்கேயே முளைத்து நஞ்சைச் சுரக்கலாம். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் அந்த நஞ்சு தடுத்துவிடும்.

குழந்தை மூன்று நாளாக மலம் கழிக்கவில்லை என்று தாய் சொன்னபோது எனக்கும் ஒரு கணம் திக்கென்றது, ஏனென்றால் இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல்தான். ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் மலம் கழிக்காமலிருப்பது இயல்பே. பால் இழுத்துக் குடித்தது, அழுகை ஓங்கி ஒலித்தது, கழுத்து நின்றது, இமைகள் தொங்கவில்லை. ஆயினும் அறிகுறி தெரிய மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை ஆகலாம் என்பதால், அழுகை மெலிந்தாலோ, பால் இழுக்கச் சோர்ந்தாலோ, தலை துவண்டாலோ அன்றே கடலூர் அரசு மருத்துவமனைக்குப் போகும்படி சொன்னேன். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பதுதான் இதில் பெரிய தவறு. இந்நோயில் பொதுவாகக் காய்ச்சல் இருப்பதில்லை. தேன் கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்றும் சொன்னேன், ஏனெனில் ஜென்டாமைசின் போன்ற சில ஊசிகள் இந்தத் தசைத் தளர்ச்சியை இன்னும் மோசமாக்கும். குழந்தைக்கு அந்த மாதம் முழுவதும் ஒன்றும் நேரவில்லை. தேன் தின்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை என்பதே பாட்டிமாரின் வாதத்துக்குப் பலம்.

அதே வீட்டில் மூன்று வயது அக்காவுக்குச் சளியோடு இரவெல்லாம் இருமல். அவளுக்கு அந்தத் தேனையே, படுக்கும் முன் அரை டீஸ்பூன், கொடுக்கச் சொன்னதும் பாட்டிக்கு முகம் மலர்ந்தது. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இருமல் மருந்தை விடத் தேன் நல்லது என்பது என் எண்ணம். அது தொண்டை எரிச்சலைத் தணித்துத் தூங்க விடும், சளியைக் குணப்படுத்தாது. கொடுத்தபின் பல் துலக்க வேண்டும். அந்தக் கரண்டியைத் தம்பியின் வாயருகே கொண்டுபோகக் கூடாது. அவள் அமைதியாக இருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, தேனை வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.